காலை எட்டே கால் மணி ஸ்லாட்

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுபவர்களுக்கு இன்டர்வியூ அழைப்பு வருவது பெரும்பாலும் பகல் பதினொன்றரை மணிவாக்கில்தான். "இன்னைக்கு மூணு மணிக்கு பேனல் ஃப்ரீயா இருக்காங்க, உங்களுக்கு ஓகேவா?" என்று ஹெச்ஆர் கேட்பார். பக்கத்து இருக்கையில் டீம் லீட் இருப்பார். போனோடு படிக்கட்டுப் பக்கம் ஓடுகிற அவசரத்தில், சரி என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நான் சில வருடங்களாக பேனலில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவனும்கூட. மூன்று மணிக்கு இணைகிறவர் கார் பார்க்கிங்கில் இருக்கிறார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பேஸ்மென்டில் நெட்வொர்க் விட்டு விட்டு வரும், குரல் கிசுகிசுப்பாக இருக்கும், யாராவது கடந்து போனால் பதில் பாதியில் நிற்கும். ஸ்கிரீன் ஷேர் செய்து ஒரு எஸ்க்யூஎல் எழுதச் சொன்னால், மொபைலில்தான் இருக்கிறேன் என்பார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கலாம், ஆனால் ஃபீட்பேக் படிவத்தில் என் காதில் விழுந்ததைத்தானே எழுத முடியும்? அதனால்தான் வேறு நேரம் கேட்பதை நான் சலுகையாக நினைப்பதில்லை. பேனலில் இருப்பவரும் தன் வேலைக்கு நடுவேதான் வருகிறார். காலையிலேயே முடிந்தால் நல்லது என்று நினைக்கிறவர்கள் எங்களிலும் உண்டு.

கேட்கிற விதம்தான் முக்கியம். "ஆபீஸ் டைமுக்கு அப்புறம் வைங்க" என்று மட்டும் சொன்னால், ஹெச்ஆர் அவருடைய கணக்கில் ஆறு மணி போட்டுவிடுவார். நமக்கோ ஆறரைக்குத்தான் வேலை முடியும், அப்புறம் சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்ட வேண்டும். அதனால் நேரத்தை நாமே சொல்லிவிடுவது நல்லது. போனில் பேசியதும் சொந்த மெயிலிலிருந்து நான் அனுப்புவது இவ்வளவுதான்: "தற்போது பணியில் இருக்கிறேன், வேலை நேரம் காலை 10 முதல் மாலை 6.30 வரை. செவ்வாய், புதன் காலை 8 முதல் 9.15 வரை, வியாழன் இரவு 8 முதல் 9.30 வரை என்னால் முழுக் கவனத்தோடு பேச முடியும். இதில் பேனலுக்கு எது வசதி? எவ்வளவு நேரம் ஆகும், கோடிங் உண்டா என்றும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்." மன்னிப்பும் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம்.

அந்த மெயிலுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: பேனல் எந்த ஊரில் இருக்கிறது? போன முறை எனக்கு வந்த அழைப்பில் கேள்வி கேட்க இருந்தவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நான் கேட்ட காலை 8.15 அவருக்கு 10.45, அதாவது சாதாரண அலுவலக நேரம். மாலை ஏழு கேட்டிருந்தால் அவருக்கு இரவு ஒன்பதரை ஆகியிருக்கும். அமெரிக்கா என்றால் இது அப்படியே தலைகீழ். நியூயார்க்கின் காலை எட்டு மணி கோடையில் நமக்கு மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிற வாரங்களில் ஒரு மணி நேரக் குழப்பம் வரும் என்பதால், இந்திய நேரத்தைப் போட்டே உறுதி செய்யச் சொல்வேன்.

பேனல் இந்தியாவிலேயே இருந்தால் காலையா, மாலையா? காலை என்றுதான் சொல்வேன். மாலையில் என்ன வரும் என்று நம் கையில் இல்லை. ஆறே காலுக்கு ப்ரொடக்‌ஷனில் ஒரு பிரச்சினை வந்தால் ஏழு மணி இன்டர்வியூ போச்சு. அப்புறம் மறுபடி நேரம் கேட்டு நிற்க வேண்டும், அதுதான் கெட்ட பெயர் வாங்கித் தருவது. காலை எட்டே காலுக்கு யாரும் டிக்கெட் அசைன் செய்வது அபூர்வம். வீட்டிலேயே சொந்த லேப்டாப்பில் பேசலாம். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் அந்த இன்வைட்டைத் திறக்கவே வேண்டாம். முடிந்து ஸ்டாண்டப்புக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது கையில் இருக்கட்டும்.

எல்லாச் சுற்றுக்கும் இது செல்லாது. நேரில் வரச் சொல்கிற கடைசிச் சுற்றில் மேனேஜர், ஹெச்ஆர், சில இடங்களில் டைரக்டர் என்று மூன்று பேர் ஒரே நாளில் உட்கார வேண்டும். அவர்களை எட்டு மணிக்கு வரச் சொல்வது நடக்காது. அதற்கு சனிக்கிழமை முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் அரை நாள் லீவு போட்டுவிடுவேன். முதல் சுற்றுகளைக் காலையில் முடித்திருந்தால் அந்த லீவு கையில் மிச்சம் இருக்கும்.