அரை மணி நடை ஒன்றரை மணி ஆன கதை

மலைப்பாதையின் தொடக்கத்தில் நிற்கும் வரைபடப் பலகையை நண்பர் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். வாயில், குளம், காவல் கோபுரம் என்று 1, 2, 3 போட்டுக் குறித்திருந்தார்கள். “கோபுரத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்” என்று கேட்டிருந்தார்.

பலகையில் 1:25000 என்று எழுதியிருந்தது, அதாவது வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். போட்டோவைத் திரையில் பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் அந்த எண் அப்படியே இருக்கும், ஆனால் பொருந்தாது. படத்தோடு சேர்ந்து வளர்ந்து சுருங்குவது கீழே வரைந்திருக்கும் அளவுப் பட்டை மட்டும்தான்.

GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்து, அளக்கும் கருவியால் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தேன். 960 பிக்சல். வலது முனையில் 1 கி.மீ. என்று போட்டிருந்ததால் 960 பிக்சல்தான் ஒரு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். பாதை நேர்க்கோடாகப் போகவில்லை. அதனால் வளைவுக்கு வளைவு சிறு துண்டுகளாக அளந்து கூட்டினேன். வாயிலிலிருந்து குளம் 1520, குளத்திலிருந்து கோபுரம் 1088, மொத்தம் 2608 பிக்சல். அதாவது 2.7 கி.மீ. மணிக்கு 5 கி.மீ. நடந்தால் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். அப்படியே நண்பருக்கு எழுதியும் விட்டேன்.

அப்புறம்தான் பட்டையை நன்றாகப் பார்த்தேன். பூச்சியம் இடது முனையில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அதற்கு இடப்பக்கம் இருந்தது, 500 மீட்டரை நூறு நூறாகப் பிரித்துக் காட்டும் கூடுதல் துண்டு. நிறைய வரைபடங்களில் இப்படித்தான் இருக்கும். பூச்சியத்திலிருந்து 1 வரை 640 பிக்சல்தான். தூரம் 4.1 கி.மீ. ஆனது, நேரம் 49 நிமிடம்.

சரி, முடிந்தது என்று மூடப் போகும்போது மூலையில் இருந்த திசைகாட்டி வட்டம் கண்ணை உறுத்தியது. வட்டமாக இருக்க வேண்டியது, நசுங்கிய முட்டை போல இருந்தது. பலகை உயரத்தில் இருக்க, நண்பர் கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்திருக்கிறார். பலகைச் சட்டத்தின் அடிவிளிம்பு 3600 பிக்சல், மேல்விளிம்பு 3000 பிக்சல்தான். அளவுப் பட்டை அடியில், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோபுரமோ மேலே, தள்ளி. பக்கத்தில் இருப்பதை வைத்துத் தள்ளி இருப்பதை அளந்தால் தூரம் குறைவாகத்தான் வரும்.

மேல்விளிம்பு, கீழ்விளிம்பு விகிதத்தை வைத்துப் பெருக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அது போதாது, ஏனென்றால் சாய்ந்த படத்தில் அகலம் ஒரு மாதிரியும் உயரம் வேறு மாதிரியும் சுருங்குகிறது. Perspective கருவியால் சட்டத்தின் நான்கு மூலைகளையும் இழுத்துச் செவ்வகமாக்கினேன். செவ்வகம் வந்துவிட்டது, ஆனால் உண்மையான பலகை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாதே! அங்கேதான் அந்த வட்டம் கைகொடுத்தது. இப்போது அதன் அகலம் 200 பிக்சல், உயரம் 160. படத்தின் உயரத்தை மட்டும் 1.25 மடங்கு நீட்டியதும் வட்டம் வட்டமானது.

எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன், பட்டையையும் சேர்த்துத்தான். படம் மாறிய பிறகு பழைய 640 செல்லாது. இப்போது 1 கி.மீ. என்பது 600 பிக்சல். குளம் வரை 1560, அதாவது 2.6 கி.மீ. குளத்திலிருந்து கோபுரம் 1380, அதாவது 2.3 கி.மீ. கீழ்ப்பகுதியில் 200 மீட்டர்தான் மாறியது, மேல்பகுதியிலோ 600 மீட்டர். மொத்தம் 4.9 கி.மீ. அதற்கு மேல் துல்லியம் பார்க்கவில்லை. சின்னச் சின்ன வளைவுகளை வரைந்தவரே நேராக்கியிருப்பார்.

சமதளமாக இருந்தால் 59 நிமிடம். ஆனால் குளத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே பாதை 15 சமஉயரக் கோடுகளைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர், ஆக 300 மீட்டர் ஏற்றம். சரிவால் பாதை நீளம் ஏறும் என்று பயந்து கணக்குப் போட்டால் 20 மீட்டர்தான் கூடுகிறது. கூடுவது நேரம்தான். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை இன்றைய அளவில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. எங்களுக்குக் கூடுதலாக அரை மணி. மொத்தம் ஒன்றரை மணி நேரம், உட்கார்ந்து இளைப்பாறுவது சேராமல்.

நண்பருக்கு மறுபடி எழுதினேன். “அரை மணின்னு சொன்னீங்களே?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. இருட்டுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே கிளம்பினோம். குளத்தங்கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்தது போக, நடந்தது 1 மணி 35 நிமிடம்.