பணம் வரும் வரை அசல் பி.எல். என்னிடம்தான்

பொள்ளாச்சியில் நாங்கள் போடும் தென்னை நார்க்கழிவுக் கட்டியை இன்ஸ்டாகிராமில் பார்த்து ஸ்பெயினிலிருந்து ஒருவர் கேட்டார். முகம் தெரியாத என்னை எப்படி நம்புவார்? வீடியோ காலில் ஐந்து கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்து, பிழிந்த தண்ணீரில் உப்பை அளக்கும் ஈ.சி. மீட்டரை விட்டுக் காட்டினேன். 0.4. அவருக்கு உப்பு 0.5-க்குள் இருந்தால் போதும். 30 சதவீதம் முன்பணம் வந்தது.

கண்டெய்னருக்குச் சீல் வைத்ததும் எண்ணைப் படமெடுத்து அனுப்பினேன். தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பிய பிறகு கப்பல் நிறுவனம் சரக்குக்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங், அதாவது பி.எல்., அதன் நகல் மட்டும் அனுப்பினேன். அசல் இல்லாமல் அவர் சரக்கை எடுக்க முடியாது. மறுநாளே மீதிப் பணத்தை வங்கியில் அனுப்பியதாகக் காட்டும் ஸ்விஃப்ட் நகலை அனுப்பி அசலைக் கேட்டார். அந்தத் தாள் பணம் ஆகாது, போலியாகவும் வரும். கணக்கில் வரவு விழ நான்கு நாள் ஆனது. அப்புறம்தான் கூரியர் போட்டேன்.