காரை வெளியே நிறுத்திவிட்டு

"தொடங்கிய ஆண்டு, மாணவர் எண்ணிக்கை, தலைவர் பெயர். இவ்வளவுதான் அனுப்பியிருக்காங்க, அண்ணே."

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டுவிழா. டாக்டரம்மா சிறப்பு விருந்தினர், உரை எழுதுவது நான்.

செயலாளருக்கு போன் போட்டேன். முதல் வகுப்பு எங்கே நடந்தது?

ஒரு வீட்டு கராஜில், காரை வெளியே நிறுத்திவிட்டு.

அதுதான் உரையின் முதல் வரி. ஆண்டும் எண்ணிக்கையும் வரவேற்புரையிலேயே வந்துவிடும். மறுபடி சொன்னால் கூட்டம் கைபேசியை எடுக்கும்.

டாக்டரம்மா தமிழ் படித்தது பாட்டியின் சமையலறை மேசையில். அதை இரண்டாவதாக வைத்தேன்.

1860இல் முதல் இந்தியத் தொழிலாளர்களை டர்பனுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் பற்றிய பத்தியை வெட்டிவிட்டேன். பள்ளியின் பெயரை மாற்றினாலும் அப்படியே பொருந்துகிறதே!

கராஜ் கொடுத்த குடும்பத்தாரின் பெயரை அவர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். முன்வரிசையில்தான் உட்காருவார்களாம்.