லேப்டாப் டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் மாட்டிய கதை: பிராக்கெட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

அப்பாவின் பழைய டெஸ்க்டாப் ஒரு கம்பெனியிலிருந்து கழித்துவிட்ட குட்டிக் கேபினெட். உள்ளே 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே ஒரு இடம். அதில் இருந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றையும், செத்துப்போன என் லேப்டாப்பிலிருந்து கழற்றிய 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். விண்டோஸைப் புது எஸ்.எஸ்.டி.க்கு நகல் எடுப்பது, பயாஸில் பூட் வரிசையை மாற்றுவது எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. என்னை அலைய வைத்தது பத்து ரூபாய் தகரமும் நாலு ஸ்க்ரூவும்தான்.

கணக்குப்படி இடம் தாராளம். 3.5 டிஸ்க் சுமார் 102 மி.மீ. அகலம், 147 மி.மீ. நீளம், 26 மி.மீ. உயரம். லேப்டாப் டிஸ்க் 70 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம். உயரம் எஸ்.எஸ்.டி.க்கு 7, என் பழைய டிஸ்க்குக்கு 9.5. ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலும் 16.5 மி.மீ.தான். சாட்டா கேபிளும் பவர் கேபிளும் இரண்டு அளவுக்கும் ஒன்றே, அடாப்டர் எதுவும் தேவையில்லை. பழைய லேப்டாப்பில் டிஸ்க்கின் முனையில் ஒரு குட்டி கனெக்டர் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். அதை நேராகப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், உள்ளே வழக்கமான சாட்டா முனை இருக்கும்.

சின்ன டிஸ்க்குகளை 3.5 இடத்தில் பிடித்து நிறுத்த ஒரு பிராக்கெட் வேண்டும் என்று ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். "எல்லா கேபினெட்டுக்கும் ஆகும் சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கையில் திணித்தார். என் கேபினெட்டில் டிஸ்க்கை ஸ்க்ரூ போட்டு மாட்டுவதில்லை, ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது, அதன் பக்கவாட்டு ஊசிகள் டிஸ்க்கின் பக்கத் துளைகளில் உட்காரும் என்று போட்டோவைக் காட்டியே சொன்னேன். பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால், அந்த பிராக்கெட்டில் கீழ்ப்பக்கம் மட்டும்தான் துளை. ஊசி போய் உட்காரப் பக்கச் சுவரே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "பிரிச்சதை எடுக்க மாட்டோம்". சரி, போகட்டும்.

ஆகவே முதல் பாடம்: உங்கள் கேபினெட் டிஸ்க்கை எங்கே பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்திலிருந்து பிடித்தால், இருபுறமும் மடித்த சுவரும் அதில் 3.5 டிஸ்க்கின் இடைவெளியில் துளைகளும் உள்ள இரும்பு பிராக்கெட்தான் வேண்டும். அடியிலிருந்து பிடித்தால் எதுவும் ஓடும். சர்வர் மாதிரி, டிஸ்க்கைத் தள்ளினால் தானே கனெக்டரில் போய்ச் செருகிக்கொள்ளும் கேபினெட் என்றால் சாதாரண பிராக்கெட் உதவாது. அது டிஸ்க்கை நடுவில் வைக்கும், கனெக்டரோ ஓரமாக இருக்கும். இதற்கென்றே முனையைச் சரியான இடத்தில் கொண்டுவரும் அடாப்டர் தனியாக விற்கிறது.

அடுத்து வேறொரு கடையில் இரண்டு டிஸ்க் அடுக்கும் இரும்பு பிராக்கெட் கிடைத்தது. ஊசிகள் அழகாக உட்கார்ந்தன. ஆனால் அதோடு வந்த ஸ்க்ரூ பாக்கெட்டில் இரண்டு வகையைக் கலந்து போட்டிருந்தார்கள். லேப்டாப் டிஸ்க்குக்கு எம்3, மரை நெருக்கமாக இருக்கும். 3.5 டிஸ்க்குக்கு 6-32, கொஞ்சம் தடிமன், மரை அகலம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும், தனியாகப் பார்த்தால் தெரியாது. 6-32ஐ எம்3 துளையில் வைத்தால் அரைச் சுற்று போய் இறுகும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும், இன்னும் திருகினால் அலுமினிய மரை தேய்ந்து அந்தத் துளை அவ்வளவுதான். சரியான ஸ்க்ரூ விரலாலேயே இரண்டு சுற்று போகும்.

நீளமும் முக்கியம். டிஸ்க்குக்குள் 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தகரம் ஒரு மி.மீ. என்றால் 4 மி.மீ. ஸ்க்ரூ போதும். பாக்கெட்டில் இருந்த நீளமானவற்றை அப்படியே ஒதுக்கி வைத்தேன். பக்கச் சுவர் வழியாகக் கேபினெட்டுக்குள் சறுக்கிப் போகும் இடத்தில் தலை பிதுங்காத தட்டையான ஸ்க்ரூ இல்லையென்றால் தட்டு பாதியில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஹார்ட் டிஸ்க்கின் அடியில் மின்பலகை வெளியே தெரியும். அது தகரத்தில் படாமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறுக்குங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகுதான் உண்மையான தலைவலி. பிராக்கெட் 147 மி.மீ., டிஸ்க் 100. இந்த பிராக்கெட் டிஸ்க்குகளைத் தன் உள்முனையில் பிடித்திருந்தது. அதனால் கனெக்டர்கள் கிட்டத்தட்ட 5 செ.மீ. உள்ளே போய்விட்டன. பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிள் அங்கே எட்டவில்லை. எட்டியிருந்தாலும் விரல் நுழைய இடமில்லை. பிராக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி, டிஸ்க்குகளையும் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மாற்றிப் பூட்டினேன். பக்கத் துளைகள் இரு முனையிலிருந்தும் ஒரே தூரத்தில் இல்லாததால் பிராக்கெட் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கேபினெட் மூடியில் இடிக்கவில்லை, தப்பித்தேன்.

மீதி இருந்தது டேட்டா கேபிள். என்னிடம் இருந்தவை இரண்டும் முனை கீழ்நோக்கி வளைந்தவை. மேல் டிஸ்க்கில் மாட்டினால் அதன் வால் நேராகக் கீழ் டிஸ்க்கின் பவர் கனெக்டரில் இடித்தது. மேலே உள்ளதற்கு நேர் முனைக் கேபிள் போட்டதும் சரியானது. அடுக்கு பிராக்கெட் வாங்குகிறவர்கள் கூடவே நேர் முனைக் கேபிளும் வாங்கிவிடுங்கள், இதற்காகத் தனியாக ஒருமுறை பஸ் ஏறாதீர்கள்.

மூடியைப் போட்டு ஓடவிட்டால் பெரிய ஃபைல் நகலெடுக்கும்போது மட்டும் சில நொடி உறைந்து நின்றது. டிஸ்க் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுத் தம்பி தீர்ப்பே சொல்லிவிட்டான். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் CrystalDiskInfo மென்பொருளைத் திறந்து பார்த்தேன். C7 என்ற வரியில் UltraDMA CRC Error Count ஏறிக்கொண்டே போனது, மற்ற வரிகள் சுத்தம். அந்த எண் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்ததைத்தான் எண்ணும். பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். மூடியைக் கழற்றிவிட்டு அதே ஃபைலை நகலெடுத்தால் எண் அசையவில்லை. மூடி அந்த நேர் முனைக் கேபிளை அழுத்திச் சாய்த்திருக்கிறது. கேபிளை உள்பக்கமாக வளைத்து ஒரு டையால் கட்டினேன். ஏறிய எண் இறங்காது, அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், இனி ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

பவர் முனை பற்றாமல் பழைய நாலு ஊசி மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்க நேர்ந்தால், கம்பிகளைச் சுற்றி பிளாஸ்டிக் வார்த்து மூடிய ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் உள்ளே கம்பிகள் நெருங்கி உருகிய சம்பவங்கள் உண்டு. கம்பி ஒவ்வொன்றும் தனியாகக் கனெக்டருக்குள் போவது வெளியே தெரியும் ரகம் நல்லது.

இடமில்லாத கேபினெட்டில் எஸ்.எஸ்.டி.யை இரட்டைப் பக்க டேப்பால் சுவரில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அசையும் பாகம் இல்லாததால் பெரிய தப்பில்லை, நானும் செய்திருக்கிறேன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை அப்படிச் செய்யாதீர்கள், அதற்கு ஸ்க்ரூ வேண்டும். பழைய போர்ட்டபிள் டிஸ்க்கின் உறையை உடைத்து உள்ளே இருப்பதை மாட்டலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பலவற்றில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா முனையே கிடையாது, எந்த பிராக்கெட்டும் அதற்கு உதவாது.