இரண்டு பக்கத்துக்குள்

மார்ச் 3

வேலைக்கு விண்ணப்பிக்க வைத்திருக்கும் நான்கு பக்கத் தன்விவரத்தை இன்று அச்செடுத்து வாசித்தேன். முதல் வரி, “31 ஆண்டு அனுபவம் மிக்க தரவுத்தள வல்லுநர்” என்று தொடங்குகிறது. அந்த எண்ணை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று அது என் வயதைக் கணக்கிட்டுக்கொள்ள வாசிப்பவருக்கு நானே எடுத்துக் கொடுத்த எண்ணாகத் தெரிகிறது. அதை அடித்துவிட்டேன், பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 4

2010-க்கு முந்தைய நான்கு பணிகளையும் “முந்தைய பணிகள்” என்ற ஒரே தலைப்பில், ஆண்டு குறிப்பிடாமல், பணிக்கொரு வரியாகச் சுருக்கினேன். பட்டம் பெற்ற ஆண்டையும் பிறந்த தேதியையும் எடுத்துவிட்டேன். மூன்று பக்கம் ஆனது. இப்படி எடுப்பது மறைப்பதாகுமா என்ற கேள்வி இரவு வரை என்னை விடவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருக்கலாம், கேட்டால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும் என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 6

திறன்கள் பட்டியலில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருள் முதலில் நிற்கிறது. பதினாறு ஆண்டுகள் அதில்தான் வேலை செய்தேன் என்பதால் அதை முதலில் வைத்திருந்தேன். அதன் கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 வெளிவந்தது 2004-இல். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2015 ஜனவரியோடு முடித்துக்கொண்டது. பட்டியலின் தலைப்பில் அந்தப் பெயரைப் பார்ப்பவர் கீழே இருக்கும் இன்றைய தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் வரை வருவாரா என்பது சந்தேகம்தான். ஆனால் அதை முழுவதுமாக எடுத்துவிட்டால், இந்த வேலைக்கு நான் ஏன் பொருத்தமானவன் என்பதற்கான காரணமும் அதோடு போய்விடும், ஏனென்றால் அந்த நிறுவனத்தார் கேட்டிருப்பதே பழைய தரவுத்தளங்களைப் புதியவற்றுக்கு மாற்றத் தெரிந்த ஆளை. மாலை முழுவதும் அந்த ஒரு சொல்லை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாகக் கழிந்தது.

மார்ச் 7

ஒன்றும் எழுதவில்லை. பட்டம் பெற்ற ஆண்டைத் திரும்பச் சேர்த்தேன், பிறகு எடுத்தேன்.

மார்ச் 9

வழி கிடைத்துவிட்டதென்று நினைக்கிறேன். ஃபாக்ஸ்ப்ரோ எனக்குத் தெரிந்த கருவி என்று எழுதினால் அது பழையது; அதிலிருந்து தரவை இழப்பில்லாமல் வெளியே கொண்டுவந்தேன் என்று எழுதினால் அது இன்றைய வேலை. ஆகவே பட்டியலிலிருந்து அதை நீக்கி, 2021-இல் நடந்த ஒரு மாற்றத்தின் விவரத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தச் சம்பவத்தை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன், சுருக்கும்போது எதை விடுகிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கணக்கு அட்டவணையில் பழைய திரை காட்டிய பதிவுகள் 2,14,306. புதிய தரவுத்தளத்துக்கு வந்து சேர்ந்தவை 2,19,871. கூடுதலாக வந்த 5,565 பதிவுகளும் இரட்டைப் பதிவுகள் என்று நினைத்து, குழுவினர் இரண்டு நாட்களாக அவற்றை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு இணையான மறுபதிவுகள் எங்குமே கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு பதிவை நீக்கினால் அது கோப்பிலிருந்து போவதில்லை. அந்தப் பதிவின் முதல் பைட்டில் இருக்கும் வெற்றிடம் நட்சத்திரக் குறியாக மாறும், அவ்வளவுதான். PACK என்ற கட்டளையை இயக்கும் வரை பதிவு அங்கேயே கிடக்கும். பழைய நிரலில் நீக்கியவற்றை மறைக்கும் SET DELETED ON இருந்ததால் அவை யார் கண்ணிலும் படவில்லை, மாற்றும் கருவியோ அந்தக் குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. பழைய கணினியில் மூன்று வரி போதுமானதாக இருந்தது:

```
SET DELETED ON
COUNT TO nActive
? nActive, RECCOUNT()
```

COUNT நீக்கியவற்றை விட்டுவிட்டு எண்ணும், RECCOUNT() எல்லாவற்றையும் எண்ணும். திரையில் 2,14,306-உம் 2,19,871-உம் அருகருகே வந்து நின்றன. நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், மூடப்பட்ட 5,565 கணக்குகள் புதிய அமைப்பில் உயிரோடு இருந்திருக்கும்.

தன்விவரத்தில் இது இரண்டே வாக்கியம்: “2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாற்றியதில், நீக்கப்பட்ட 5,565 பதிவுகள் மீண்டும் உள்ளே வருவதைப் பயன்பாட்டுக்கு முன்பே கண்டறிந்து தடுத்தேன். அதன் பிறகு எல்லா அட்டவணைகளுக்கும் எண்ணிக்கைச் சோதனையைக் கட்டாயமாக்கினேன்.” இதில் ஆண்டு எண்ணிக்கை எங்கும் இல்லை, ஆனாலும் பழைய அமைப்போடு பல காலம் வாழாத ஒருவரால் இதை எழுத முடியாது என்று வாசிப்பவருக்குப் புரியும். முதல் வரிக்கும் விடை கிடைத்துவிட்டது: “பழைய தரவுத்தளங்களை இழப்பின்றிப் புதியவற்றுக்கு மாற்றுபவர்.”

மார்ச் 10

இரண்டு பக்கம். வாக்கியங்களுக்கு நடுவே இரண்டு இடைவெளி விடும் தட்டச்சுக் காலத்துப் பழக்கம் கோப்பு முழுவதும் இருந்தது, தேடி மாற்றினேன்.

இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி என்று நவீனமாகத் தெரியும் வடிவம் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியபோது பணியின் பெயர் ஓரிடத்திலும் அதன் தேதிகள் வேறிடத்திலும் சிதறிக் கிடந்தன. நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் படிக்கும் மென்பொருளும் எழுத்துகளை இப்படி உருவி எடுக்கக்கூடும் என்பதால், புதுமையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு ஒற்றை நெடுவரிசைக்கே திரும்பினேன்.

மார்ச் 12

அனுப்பிவிட்டேன். இணையப் படிவத்தில் பட்டம் பெற்ற ஆண்டு கட்டாயக் கட்டமாக இருந்தது. 1993 என்று நிரப்பினேன். கை சற்று தயங்கியது உண்மை.

மார்ச் 16

பதில் இல்லை. அந்த 1993-ஐ நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 19

காணொளி நேர்காணலுக்கு 23-ஆம் தேதி அழைத்திருக்கிறார்கள்.

முன்பு என்னோடு வேலை பார்த்த பெண் ஒருவர், இப்போது தானே ஆள் எடுக்கும் நிலையில் இருப்பவர், மாலையில் ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டுப் பார்த்தார். “சார், நட்சத்திரக் குறிக்கு வந்து சேர நாலு நிமிஷம் ஆகுது. எண்ணிக்கை பொருந்தலைன்னு முதல்லயே சொல்லிடுங்க, காரணத்தை அவங்களே கேட்பாங்க” என்றார். “அந்தக் காலத்துல” என்று நான் ஆறு முறை சொன்னதையும் குறித்து வைத்திருந்தார். அந்தச் சொல் என் வாயில் அவ்வளவு இயல்பாக வருகிறது என்பது எனக்கு இதுவரை தெரியாது. அதற்குப் பதிலாக ஆண்டையோ திட்டத்தையோ சொல்லிப் பழகுகிறேன்.

மார்ச் 20

ஒன்றரை நிமிடம். “அந்தக் காலத்தில்” இரண்டு முறை.

மார்ச் 23

மூவர் இருந்தார்கள், மூவரும் என்னைவிட மிகவும் இளையவர்கள். “இந்தப் பணிக்கு உங்கள் அனுபவம் அதிகமில்லையா?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். பதவியின் பெயர் எனக்கு முக்கியமில்லை என்று சொல்லத்தான் தயாராகியிருந்தேன், அதைச் சொல்லவில்லை. உங்களுடைய பழைய கோப்புகளில் வெற்றுத் தேதிகள் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று திருப்பிக் கேட்டேன். ஃபாக்ஸ்ப்ரோ தேதிக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதிக்கும், போஸ்ட்கிரஸ் வெற்று எழுத்தைத் தேதியாக ஏற்காது. அதை மதிப்பே இல்லை என்று குறிக்கும் NULL ஆக்குவதா, அந்தப் பதிவைத் தனியே ஒதுக்கி வைப்பதா என்பதை மாற்றத்துக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முடிவை அவர்கள் இன்னும் எடுத்திருக்கவில்லை. மீதி இருபது நிமிடமும் அதைப் பற்றியே பேசினோம், வயதைப் பற்றிய பேச்சு திரும்ப வரவில்லை.

“அந்தக் காலத்தில்” ஒரு முறைகூட இல்லை. நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26

பதில் இல்லை.

மார்ச் 28

மாதிரிக் கோப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள், 40,000 பதிவுகள், திங்கட்கிழமைக்குள் என் குறிப்புகள் வேண்டுமாம். திறந்தவுடன் முதலில் இரண்டு எண்ணிக்கைகளையும் எடுத்தேன். பொருந்தவில்லை.