கழி நிழலும் ஆள் நிழலும்

மண்டபம் வடகடல் கரையில் எடுத்து எங்கள் செய்திப்பிரிவுக்கு வந்த படம் ஒன்றை ஒட்டுவேலை என்று நான் ஒதுக்கிவைத்தேன். உடைந்த நாட்டுப்படகான வல்லம், அதற்கு வலப்பக்கம் அதன் சொந்தக்காரர், இடப்பக்கம் மணலில் நட்ட கழி. கழியின் நிழல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, ஆளின் நிழல் இடப்பக்கம். ஒரே சூரியனுக்கு இரண்டு திசையா என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த மனிதரே செய்திப்பிரிவுக்கு வந்துவிட்டார். "தம்பி, எம் மகன்தான் போன்ல எடுத்தான்" என்றார். பக்கம் வடிவமைக்கும் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "தரையில கிடக்கிற நிழலை விடுடா. நுனியிலேருந்து கோடு போடு" என்றார்.

கழியின் உச்சியிலிருந்து அதன் நிழல் நுனிக்கு ஒரு கோடு. வல்லத்தின் முன்முனையான அணியத்திலிருந்து அதன் நிழலுக்கு ஒன்று. ஆளின் தலையிலிருந்து தலை நிழலுக்கு ஒன்று. மூன்றையும் நீட்டினால் படத்தின் அடியில் ஒரே இடத்தில் கூடின. அங்கே மகனுடைய நிழல், கையில் போனோடு. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் கோடுகள் கேமராவின் நிழல் விழும் இடத்தில்தான் கூடும். சூரியன் முன்னால் இருந்தால் அது நிற்கும் இடத்தில் கூடும். அந்த இடம் படத்துக்கு வெளியே இருந்தால், ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிக் கோட்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

தரையில் நிழல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்வது, தண்டவாளம் தூரத்தில் கூடுவதுபோலத் தெரிகிற தோற்றம்தான். அதைத்தான் நான் மோசடி என்றேன். நுனிக்கோட்டில் இன்னொரு வசதியும் உண்டு: மணல் மேடும் பள்ளமுமாக இருந்தாலும் அது மாறாது. ஆனால் எந்த நுனிக்கு எந்த நிழல் என்று சரியாகப் பிடிக்க வேண்டும்.

அங்கேதான் தடுமாற்றம் வரும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானில் அரை டிகிரி அகலம். நிழல் 10 மீட்டர் தள்ளி விழுந்தால் அதன் விளிம்பு சுமார் 9 செ.மீ. அளவுக்காவது மங்கும். அதனால் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக, மங்கலின் இரு ஓரத்தையும் தொடும் இரண்டு கோடுகளை வரைந்து ஆப்புபோல ஒரு பட்டை எடுக்கிறேன். பட்டைகள் எங்குமே ஒன்றாய்ச் சேராவிட்டால்தான் சந்தேகம். போன் லென்ஸின் ஓரம் கோட்டை வளைக்கும், அதையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சில மாதம் கழித்துப் பெரிய மீனோடு நின்ற ஒருவரின் படம் வந்தது. படகு, நங்கூரம், மூங்கில் மூன்றின் பட்டைகளும் இடப்பக்க மேல்மூலைக்கு வெளியே கூடின. அவருடையது வலப்பக்கம் ஓடியது. ஈர மணலில் அவருடைய பிரதிபலிப்பும் காலுக்கு நேர்கீழே இல்லாமல் சற்று விலகிக் கிடந்தது. கேமரா நேராக இருந்தது. படகின் பிரதிபலிப்போ நேர்கீழே விழுந்திருந்தது. அந்தப் படத்தைப் போடவில்லை. எல்லாம் கூடியிருந்தாலும் உண்மையான படம் என்று எழுதித் தந்திருக்க மாட்டேன். அதே நேரத்தில், அதே திசை வெயிலில் எடுத்த வேறொரு ஆளை வெட்டி ஒட்டினால் கோடு காட்டிக்கொடுக்காது.

வல்லக்காரரின் படம் இரண்டு நாள் தாமதமாக வந்தது. அவரிடம் மன்னிப்பு கேட்டேன். "சரி தம்பி, வல்லத்துக்கு வழி பாருங்க" என்றார்.