பாரிஸ் குசினியில போன்ஜூர்

பிரான்சுக்கு புதுசா வந்து ரெஸ்ரோறண்ட் வேலைக்கு போற எங்கட பெடியளுக்கு ஒரு விசயம். காலமை உள்ள போனோடன தலைய குனிஞ்சுகொண்டு நேரா வேலையில இறங்கிடாதேங்கோ. ஊரில அது அடக்கம், இங்க அதை கோவமா இருக்கிறான் எண்டு தான் எடுப்பினம். செஃப்ல இருந்து கோப்பை கழுவுற மாலி நாட்டுக்காரர் வரைக்கும் ஒவ்வொருத்தரிட்டயும் போய் கண்ணைப் பாத்து போன்ஜூர் சொல்லி கை குடுக்கோணும். ஆருக்காவது கை ஈரமா, மாவா இருந்தா விரலை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுவார், அதைப் பிடிச்சாப் போதும், முதல்ல சிரிப்பு வரும் தான்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒருக்கா தான் போன்ஜூர். மத்தியானம் அதே ஆளுக்கு திரும்ப சொன்னா காலமை கண்டதையே மறந்திட்டான் எண்டு நினைப்பினம், அதுக்கு ரெபோன்ஜூர் எண்டு ஒண்டு இருக்கு, அதைச் சொல்லி சமாளிக்கலாம். ஆனா காலமை சொல்லாம விட்டிட்டு நேரா போய் "உப்பு எங்க?" எண்டு கேட்டியள் எண்டா உப்பு வராது, அழுத்திச் சொல்லுற ஒரு "போன்ஜூர்!" தான் திரும்பி வரும் 😄

கன்னத்தோட கன்னம் வைச்சு முத்தம் மாதிரி குடுக்கிற பீஸ் எண்ட வணக்கத்தை நீங்களா தொடங்காதேங்கோ, அவை முகத்தை கிட்ட கொண்டுவந்தா மட்டும். பாரிசில பொதுவா ரெண்டு, உதடு படக்கூடாது. கொரோனாவுக்குப் பிறகு அது நல்லா குறைஞ்சிட்டுது. சில முஸ்லிம் ஆக்கள், ஆம்பிளையள் பொம்பிளையளுக்கோ, பொம்பிளையள் ஆம்பிளையளுக்கோ கை குடுக்காயினம், நெஞ்சில கை வைப்பினம், நீங்களும் நீட்டின கையை மெல்ல நெஞ்சுக்கு கொண்டு போங்கோ.